சிறுநீர்க் குழாய்: தேவை முடிந்த நாளிலேயே அகற்றுவோம்

மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) பொருத்தப்பட்டிருந்தால், உடனிருப்பவருக்கு அது பெரும் நிம்மதியாகத் தோன்றும். ஆனால் தேவை முடிந்த பிறகும் அக்குழாய் உள்ளே இருப்பதுதான் மருத்துவமனையில் ஏற்படும் சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியக் காரணம். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டுதல்களில் இத்தொற்றைத் தடுப்பதும் இடம்பெற்றுள்ளது.

தொற்று எப்படி உண்டாகிறது?

இயல்பாக, சிறுநீர் வெளியேறும்போது பாதையில் உள்ள கிருமிகளையும் அடித்துச் செல்கிறது. குழாய் இருக்கும்போது இந்தக் கழுவுதல் நின்றுவிடுகிறது. கிருமிகள் குழாயின் பரப்பில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப்பையை நோக்கி நகர்கின்றன. இப்படலத்திற்குள் இருக்கும் கிருமிகளை மருந்து எளிதில் அழிக்க முடிவதில்லை. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும், 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 7 பேரின் சிறுநீரில் புதிதாகக் கிருமிகள் குடியேறுகின்றன. எனவே நாள்களைக் குறைப்பதே முதன்மையான தடுப்பு.

ஓர் எடுத்துக்காட்டு

மார்க்கையன்கோட்டையில் வயல் வேலை செய்யும் 65 வயதுப் பெண்மணி ஒருவர் வரப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டு எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று கொள்வோம். அசைந்தாலே கடும் வலி இருப்பதால், அறுவை சிகிச்சை வரை குழாய் வைப்பது நியாயமானது. சிகிச்சை முடிந்தபின், வேறு மருத்துவக் காரணம் இல்லையெனில், 24 மணி நேரத்திற்குள் அதை அகற்றிவிட வேண்டும்.

அப்போது மகள், "அம்மாவைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்ல முடியாது, இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்" என்று கேட்கிறார். அவரது சிரமம் உண்மையானது. ஆனால் அதற்குத் தீர்வு குழாய் அல்ல. படுக்கையிலேயே வைக்கும் பெட்பேன், அல்லது கட்டிலருகே வைக்கும் கழிப்பறை நாற்காலி. ஆண்களுக்கு யூரின் கேன் அல்லது ஆணுறை போன்று வெளியே பொருத்தும் குழாய் உதவும். சிறுநீர் அடக்க முடியாமை மட்டுமே குழாய் வைக்கப் போதுமான காரணம் ஆகாது.

சிறுநீர் அடைப்பு, மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டிய தீவிர நிலை, சிறுநீர்ப் பாதையில் சில அறுவை சிகிச்சைகள், சிறுநீர் படுவதால் ஆறாத படுக்கைப் புண் போன்றவற்றில் குழாய் தொடர வேண்டியிருக்கும். "இது இன்றும் எதற்காகத் தேவை?" என்று நாள்தோறும் மருத்துவரிடம் கேளுங்கள்.

குழாய் இருக்கும் நாள்களில்

பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழே தொங்க வேண்டும்; தரையில் படக்கூடாது. எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் செல்லும்போது பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்தால், சிறுநீர் கிருமிகளுடன் உள்ளே திரும்பும். புறப்படும் முன் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். குழாய் மடங்காமல் பாருங்கள். குழாயும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றாதீர்கள். தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். பிறப்புறுப்பை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு சுத்தம் செய்தால் போதும், கிருமிநாசினி தேவையில்லை.

எவை தொற்றின் அறிகுறிகள்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவின் கீழ்ப்புறமோ வலி, முதியோரிடம் திடீர்க் குழப்பம் ஆகியவை தெரிந்தால் உடனே செவிலியரிடம் கூறுங்கள். சிறுநீர் கலங்கியிருப்பதோ நாற்றமடிப்பதோ மட்டும் தொற்று ஆகாது. அறிகுறியே இல்லாதபோது, பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். பெரும்பாலானோருக்கு அது பயன் தராது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளையே வளர்க்கும்.

அகற்றிய பிறகு

குழாயை ஒருபோதும் நீங்களே இழுக்காதீர்கள். அது நழுவாதிருக்க, உள்ளே நீர் நிரப்பிய சிறு பலூன் உள்ளது. செவிலியர் அந்நீரை ஊசிக்குழலால் உறிஞ்சிய பின்னரே குழாயை எடுப்பார். முதல் சில முறை இலேசான எரிச்சல் இருக்கலாம். ஆனால் 6 மணி நேரம் ஆகியும் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, அதற்கு முன்பே அடிவயிறு உப்பி வலித்தாலோ தெரிவியுங்கள். சிறுநீர் எவ்வளவு தேங்கியுள்ளது என்பதை ஸ்கேன் மூலம் அறிந்து, தேவைப்பட்டால் மெல்லிய குழாயை ஒருமுறை செலுத்தி வெளியேற்றி உடனே எடுத்துவிடுவர்.

இம்முறைக்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 603 மருத்துவமனைகளில், குழாயின் தேவையை நாள்தோறும் பரிசீலிப்பது உள்ளிட்ட திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. 2016இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பொது வார்டுகளில் இத்தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறையவில்லை. ஆகவே பொது வார்டில் உங்கள் நோயாளிக்குக் குழாய் இருந்தால், நாளைக் காலை மருத்துவர் பார்வையிட வரும்போது அது பொருத்தப்பட்ட தேதியைச் சொல்லி, இன்று அகற்றலாமா என்று கேளுங்கள்.