‘இல்லை’ போட்டுப் பார் என்னும் சோதனை

மொழியியல் முதுகலை வகுப்புகளில் முற்கோள் என்னும் பாடம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு வாக்கியத்தை மறுத்துப் பார். மறுத்த பின்னும் எது நிற்கிறதோ அதுவே அதன் முற்கோள், அதாவது பிரிசப்பொசிஷன். பிறகு லெவின்சன் 1983-இல் எழுதிய நூலில் உள்ள தூண்டிகளின் பட்டியல் வரும். மாணவர் அந்தப் பட்டியலைத் தம் மொழிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மறை வாக்கியம் எழுதினால் பருவக்கட்டுரை தயார். தமிழை எடுத்துக்கொண்டவர் வினையில் ‘-வில்லை’ சேர்ப்பார். எது நின்றது, எது விழுந்தது என்று அட்டவணை போடுவார். அந்த அட்டவணையில் ஒரு பகுதி தவறு என்பதும், தவறு மாணவருடையது அன்று, சோதனையைக் கற்பித்த முறையினுடையது என்பதும் உரக்கச் சொல்லப்பட வேண்டியவை.

மறுப்புச் சோதனைக்கு மதிப்புமிக்க பிறப்பு உண்டு. கெப்லர் துயரத்தில் இறந்தார் என்றாலும், துயரத்தில் இறக்கவில்லை என்றாலும், கெப்லர் என்றொருவர் இருந்தார் என்பது இரண்டிலும் எடுத்துக்கொள்ளப்பட்டதே என்று 1892-இல் ஃப்ரேகெ காட்டினார். அந்த எடுத்துக்காட்டில் முற்கோளைக் கொண்டுவருவது ஒரு பெயர். மறுப்பு எங்கே அமர்ந்தாலும் பெயர் பெயராகவே இருக்கும். தமிழின் இடைச்சொற்கள் அப்படிப்பட்டவை அல்ல.

‘ராமனும் வந்தான்’ என்ற வாக்கியத்தைப் பார்க்கலாம். வேறு யாரோ வந்தார் என்பதை ‘-உம்’ முற்கோளாகக் கொண்டுவருகிறது. சோதனைப்படி மறுத்தால் ‘ராமனும் வரவில்லை’ என்றாகும். இப்போது நிற்பது என்ன? வேறு யாரோ வந்தார் என்பது நிற்கவில்லை. வேறு யாரோ வரவில்லை என்பதே இதன் இயல்பான முற்கோள். பழையது மறைந்து அதன் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அட்டவணை போடும் மாணவர் இந்த இடத்தில் ‘-உம் முற்கோள் தூண்டி அன்று’ என்று எழுதக்கூடும். நடந்ததோ வேறு. ஆங்கில நாட் போல வாக்கியம் முழுவதையும் ‘-வில்லை’ மூடவில்லை. அது வினையோடு ஒட்டிக்கொண்டு ‘-உம்’-இன் ஆட்சிக்குக் கீழே போய்விட்டது. மாணவர் சோதித்தது ‘ராமனும் வந்தான்’ என்பதன் மறுப்பை அன்று, ‘வரவில்லை’ என்பதோடு ‘-உம்’ சேர்ந்த புதிய வாக்கியத்தை.

இது வகுப்பறைக்குள் அடங்கிவிடும் நுணுக்கம் என்று எண்ணுவோர் நீதிமன்ற மொழிபெயர்ப்பை நினைத்துப் பார்க்கலாம். அரசமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழில் சொல்லப்பட்ட சாட்சியம் மேல்முறையீட்டில் ஆங்கிலத்திலேயே படிக்கப்படும். ஒரு சாட்சி ‘அவர் புதன்கிழமையும் கடைக்குப் போகவில்லை’ என்று சொன்னதாகக் கொள்வோம். வேறொரு நாளும் அவர் போகவில்லை என்பது அதில் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றுபவர் டிட் நாட் கோ என்று எழுதி, வாக்கிய இறுதியில் ஆன் வெட்னஸ்டே ஆல்சோ என்று முடிப்பார். இந்திய ஆங்கிலம் பழகிய காதுக்கு இது சரியாகவே விழும். ஆனால் ஆல்சோவை நாட்டின் கீழே வைத்துப் படிப்பவருக்கு, வேறொரு நாள் அவர் போனார், புதன்கிழமை மட்டும் போகவில்லை என்றாகிறது. அந்த வேறொரு நாள்தான் வழக்கின் நாள் என்றால், சாட்சி சொல்லாத ஒன்று, சொன்னதற்கு நேர் எதிரான ஒன்று, அவர் வாயில் வைக்கப்பட்டுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் ஈதர் என்ற சொல்லைப் போட்டிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. முற்கோளை மறுப்புக்குத் தாங்கும் ஒற்றைப் பொருளாகக் கற்றவருக்கு அந்தச் சொல்லைத் தேட வேண்டிய காரணமே தெரியாது.

‘மறுபடியும்’ இன்னும் வழுக்கலானது. ‘அவன் மறுபடியும் அங்கே போகவில்லை’ என்றால் முன்பு ஒருமுறை போனான் என்றே எவரும் கொள்வர். ‘அவன் மறுபடியும் தேர்ச்சி பெறவில்லை’ என்றால் முன்பும் தேறவில்லை என்று பொருள். சொல் ஒன்று, மறுப்பு ஒன்று, முற்கோள் இரண்டு. எது எதை ஆள்கிறது என்பதைச் சூழலும் உலக அறிவும் முடிவு செய்கின்றன. ‘மட்டும்’ இதைவிட மோசம். ‘ராமன் மட்டும் வந்தான்’ என்பதன் மறுப்பாக ‘ராமன் மட்டும் வரவில்லை’ என்று எழுதினால், ராமன் வந்தான் என்ற முற்கோள் நிற்காதது இருக்கட்டும், அவன் வரவில்லை என்றே வாக்கியம் அடித்துச் சொல்கிறது. உண்மையான மறுப்பு ‘வந்தது ராமன் மட்டும் அல்ல’ என்பது. அதில் ராமன் வந்தது அசையாமல் நிற்கிறது.

இதற்குத் தற்காப்பாக ஒரு பதில் எப்போதும் வரும். சோதனை ‘-வில்லை’ சேர்ப்பதன்று, வாக்கியத்துக்கு வெளியே நின்று ‘என்பது உண்மையல்ல’ என்று மறுப்பது என்பார்கள். ஆட்சிப் பிழையை அது தீர்க்கும் என்பது சரியே. ஆனால் அத்தகைய வெளிமறுப்புதான் முற்கோளையே உதறிவிட மிகவும் இடம்கொடுப்பது. ‘ராமனும் வந்தான் என்பது உண்மையல்ல, அன்று யாருமே வரவில்லையே’ என்பதைக் கேட்டு யாரும் திடுக்கிட மாட்டார்கள். ஆக, உள்ளே மறுத்தால் ஆட்சி புரள்கிறது, வெளியே மறுத்தால் முற்கோள் நழுவுகிறது. இப்படிப்பட்ட கருவியை ஒற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒரு மொழியின் தூண்டிகளை எண்ணுவது துணிச்சல்தான்.

வினாவுக்கும் நிபந்தனைக்கும் வந்தால் நிலைமை தெளிகிறது. ‘ராமனும் வந்தானா?’ என்று கேட்பவர், வேறு யாரோ வந்ததை ஏற்றுக்கொண்டே கேட்கிறார். ‘ராமனும் வந்தால் வண்டியில் இடம் போதாது’ என்பவரும் அப்படியே. இங்கே ‘-ஆ’, ‘-ஆல்’ இரண்டும் ‘-உம்’-ஐ உள்ளடக்கி நிற்கின்றன, அதன் கீழே நழுவுவதில்லை. மறுப்பு, வினா, நிபந்தனையின் முற்பகுதி ஆகியவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பது 1990-இலேயே கியெர்க்கியாவும் மெக்கானல்-ஜினெட்டும் பாடநூலில் எழுதிவைத்தது. குடும்பத்தில் ஒருவரை மட்டும் அழைத்து விருந்தை முடித்துக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ.

நிபந்தனைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மறுப்பாலும் வினாவாலும் செய்ய முடியாத வேலை அது. கார்ட்டுனென் 1973-இல் வாக்கியச் சூழல்களைத் துளைகள், அடைப்புகள், வடிகட்டிகள் என்று பிரித்தார். மறுப்பு ஒரு துளை. முற்கோள் அதன் வழியே அப்படியே மேலேறும். நிபந்தனை வாக்கியமோ வடிகட்டி. ‘ரவியின் தங்கை சென்னையில் இருப்பாள்’ என்றால் ரவிக்குத் தங்கை உண்டு என்பது முற்கோள். ‘ரவிக்குத் தங்கை இருந்தால், அவன் தங்கை சென்னையில் இருப்பாள்’ என்றால் அந்த முற்கோள் மேலே வருவதில்லை. பின்பகுதி எதை எடுத்துக்கொள்ள வேண்டுமோ அதை முற்பகுதியே நிபந்தனையாகத் தந்துவிட்டது. பேசுபவர் தங்கை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த வடிகட்டலைச் சோதிக்காதவர்கள் மறுப்பில் நின்றதையெல்லாம் முற்கோள் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். தமிழில் இதற்கு மிகச் சிறந்த சான்று மரியாதை. ‘அவர் வந்தார்’, ‘அவர் வரவில்லை’, ‘அவர் வந்தாரா?’, ‘அவர் வந்தால் சொல்’ என்னும் நான்கிலும் பேசுபவரின் மதிப்பு குறையாமல் நிற்கிறது. குடும்பச் சோதனை முழுவதிலும் அது தேறுகிறது. அப்படியானால் மரியாதை முற்கோளா? வடிகட்டியில் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ‘முருகேசன்மீது எனக்கு மரியாதை இருந்தால், அவர் வீட்டுக்கு நானே போவேன்’ என்று ஒருவர் சொல்கிறார் எனக் கொள்வோம். மரியாதை உண்டா என்பதையே முற்பகுதி ஐயத்தில் விடுகிறது. ஆனாலும் ‘அவர்’ என்ற சொல் வாயிலிருந்து வந்த கணத்திலேயே மரியாதை தரப்பட்டுவிட்டது. அதனால்தான் அந்த வாக்கியம் காதில் இடறுகிறது. தங்கையின் இருப்பு வடிகட்டப்பட்டது, மரியாதை வடிகட்டப்படவில்லை. பாட்ஸ் முதலியோர் இத்தகைய உணர்த்துபொருளை முற்கோளினின்று வேறாக வைப்பதற்குள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. பால், எண், மரியாதை ஆகியவற்றை முற்கோளாகவே கொள்ளும் கோட்பாடுகளும் உண்டு. அவை தம் வாதத்தை வைக்கட்டும். ஆனால் ‘மறுத்தாலும் நிற்கிறது’ என்பது அதற்கு வாதமாகாது.

பட்டியலை மொழிபெயர்ப்பதன் இன்னொரு கேடு, தூண்டி ஒரு சொல்லில்தான் இருக்கும் என்ற எண்ணம். கிபார்ஸ்கி இணையர் 1970-இல் வகுத்த பிரிவில் பிலீவ் என்ற வினை உண்மைப்பொருளை எடுத்துக்கொள்ளாதது. எனவே தமிழில் ‘நம்பு’வும் அப்படியே என்று எழுதப்படுகிறது. ‘அம்மா இறந்துவிட்டாள் என்று அவன் நம்பவில்லை’ என்பதில் அது சரி. அம்மா உயிரோடும் இருக்கலாம். ‘அம்மா இறந்ததை அவன் நம்பவில்லை’ என்றாலோ அம்மா இறந்தாயிற்று, மகன்தான் ஏற்கவில்லை. ‘இறந்ததை நம்பினானா?’, ‘இறந்ததை நம்பினால் ஊருக்குப் போவான்’ என்பவற்றிலும் இறப்பு நிற்கிறது. வினை மாறவில்லை, ‘என்று’ போய் ‘-தை’ வந்தது, அவ்வளவே. அப்படியானால் தூண்டி ‘-தது’ என்னும் தொழிற்பெயர்தானா என்றால் அதுவும் இல்லை. ‘அவள் இறந்தது பொய்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘-தாக’ வந்தாலும் உறுதி கரைந்துவிடும். ‘இறந்ததாகச் சொன்னான்’ என்பதில் இறப்புக்குப் பொறுப்பு சொன்னவனுடையது. வினையும் நிரப்பியும் சேர்ந்த அமைப்பே முற்கோளைத் தருகிறது. வினைச்சொல் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது.

ஆகவே தமிழ்த் தூண்டி ஒன்றைப் பற்றி எழுதும் ஆய்வேடு, குறைந்தது வினா வாக்கியத்தையும் நிபந்தனை வாக்கியத்தையும் வடிகட்டும் வாக்கியத்தையும் காட்ட வேண்டும். எதிர்மறை வாக்கியம் தந்தால், அதில் மறுப்பு எதை ஆள்கிறது என்றும் சொல்ல வேண்டும். நெறியாளர்கள் இதைக் கேட்பதில்லை என்பதே குறை.

இத்தனையும் செய்த பின்னும் ‘மட்டும்’ ஒத்துழைக்காது. ‘ராமன் மட்டும் வந்தானா?’ என்பதில் ராமன் வந்தது ஓரளவு நிற்கிறது. ‘ராமன் மட்டும் வந்தால் கூட்டம் நடக்காது’ என்பதில் அவன் வருவது உறுதியில்லை. ‘மழை மட்டும் பெய்திருந்தால்!’ என்று பெருமூச்சு விடுபவரோ மழை தவிர வேறெதுவும் பெய்யவில்லை என்று சொல்ல வரவே இல்லை. அங்கே ‘மட்டும்’ செய்யும் வேலை வேறு. இந்த மூன்றையும் அருகருகே வைத்து விளக்கும் கட்டுரை, மொழிபெயர்த்த பட்டியல்கள் பத்தைவிடப் பயன் தரும்.