‘இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்’ என்பது ஒரு பதிலா?

எங்கள் வீட்டுக்குக் கடன் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மஃரிபுக்குப் பிறகுதான் வருவார்கள். துறைமுகத்தை அண்டிய எங்கள் ஒழுங்கையில் அந்த நேரம் ஆள் நடமாட்டம் குறைவு. வந்தவுடன் விஷயத்தைச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள், தேநீர் ஆறிப்போன பிறகுதான் வந்த காரியம் வெளியே வரும். அப்போது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நமது பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: “இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்.”

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொடுக்க முடியும் என்று நினைத்துச் சொன்னால் அது நல்ல வார்த்தை. கொடுக்க முடியாது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுச் சொன்னால், கேட்டவருக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் அதுதான் என்பது எனது கருத்து.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். சிறிய போட்களின் என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எங்கள் பக்கத்தில் மாரி காலம் தொடங்கினால் சிறிய போட்கள் கரையில்தான் கிடக்கும். ஆகவே செப்டம்பர் மாதத்து ஒவ்வொரு நாளும் மீனவருக்கு முக்கியமானது. அந்த நேரம் பார்த்து, வாப்பாவின் சாச்சா மகனுடைய என்ஜின் பழுதாகிவிட்டது. நாங்கள் அவரையும் சாச்சா என்றுதான் அழைப்போம். திருத்துவதற்கு அறுபதாயிரம் ரூபா தேவை என்று வாப்பாவிடம் வந்தார்.

வாப்பாவிடம் அந்தக் காசு இருக்கவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. “இன்ஷா அல்லாஹ் பார்ப்போம், வெள்ளிக்கிழமை வாங்க” என்றார். வெள்ளிக்கிழமை வந்தபோது அடுத்த வெள்ளிக்கிழமை என்றார். இப்படியே மூன்று கிழமைகள் போயின.

இந்த மூன்று கிழமைகளில் நடந்ததை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அவர்களது ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் ஒரு பெண், அந்த மாதச் சீட்டை சாச்சாவின் மனைவிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “நானா தாறன் எண்டு சொல்லியிருக்கார்” என்று சாச்சா அதை விட்டுக்கொடுத்திருக்கிறார். சீட்டு வேறொருவருக்குப் போய்விட்டது. கடைசியில் வேறு வழியின்றி, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனை அவர் மனைவி எடுத்தார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியிருந்தது. அந்தக் கடன்களின் சுமை எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே போதிய சாட்சி. என்ஜின் திருந்தி வந்தபோது காற்றும் மாறிவிட்டது.

சாச்சா சண்டை போடவில்லை. ஒரு நாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: “இல்ல எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா நான் கோபிச்சிருக்க மாட்டன் நானா. சீட்டையாவது எடுத்திருப்பன்.” வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது. சாச்சா காயப்பட்டது ‘இல்லை’ என்ற சொல்லால் அல்ல, அது மூன்று கிழமை பிந்தி வந்ததால் என்பது எனக்கு அன்று விளங்கியது.

சூறத்துல் கஹ்ஃபின் 23ஆம், 24ஆம் வசனங்கள் நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்துச் சொல்லக் கற்பிக்கின்றன. அது செய்ய நினைத்திருக்கும் காரியத்துக்கான வார்த்தை. செய்வதில்லை என்று முடிவெடுத்த காரியத்தை மூடி மறைப்பதற்கு நாம் அதைப் பயன்படுத்துகிறோம். மறுப்பதற்கு மார்க்கம் வழி காட்டவில்லையா என்றால், காட்டியிருக்கிறது. சூறா பனீ இஸ்ராயீலின் 26ஆம் வசனம் உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கக் கையில் இல்லாமல் அவர்களிடமிருந்து திரும்ப நேர்ந்தால், இதமான வார்த்தை பேசும்படி 28ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனமோ கையை இறுக்க மூடிக்கொள்வதையும், முழுக்க விரித்துவிட்டு வெறுங்கையுடன் உட்கார்ந்து வருந்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. இதமாகப் பேசு என்பதற்குப் பொய் நம்பிக்கை கொடு என்று பொருளில்லை.

இதமாகவும் உறுதியாகவும் மறுப்பது எப்படி என்பதைச் சென்ற வருடம் உம்மாவிடம் கண்டேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு உம்மா மீது கோபம்தான் வந்தது.

வந்தவர் உம்மாவின் சாச்சி மகள். என்னைத் தூக்கி வளர்த்த சாச்சி. மகனைக் கட்டாருக்கு அனுப்ப ஏஜன்சிக்குக் காசு கட்ட வேண்டும். அவர் கேட்டது காசையல்ல. ராத்தாவின் கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு பவுண் சங்கிலியை. அடகு வைத்துவிட்டு ஆறு மாதத்தில் மீட்டுத் தருவதாகச் சொன்னார்.

நகையை இரவல் கொடுப்பதைக் கடன் என்றே நாம் நினைப்பதில்லை. ‘சும்மா அலுமாரியில் கிடப்பதுதானே’ என்று தோன்றும். ஆனால் அடகுச் சீட்டில் இருப்பது வைத்தவரின் பெயர். தவணை முடிவதை நினைவூட்டும் கடிதமும் அவருடைய விலாசத்துக்கே போகும். நகைக்குச் சொந்தக்காரியின் பெயர் அங்கே எங்குமே இல்லை. வட்டி மாதா மாதம் ஏறும். ஆறு மாதத்தில் முதலைச் சேர்க்க முடியாதவர் வட்டியை மட்டும் கட்டித் தவணையைப் புதுப்பிப்பார். அதுவும் முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போய்விடும். அதாவது கைச்சாத்தும் சாட்சியும் இல்லாமல் கொடுக்கும் பெரிய கடன் அது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூறத்துல் பகராவின் 282ஆம் வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். ஆனால் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது யாரும் காகிதம் எடுப்பதில்லை.

உம்மா சாச்சியை அடுப்படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். சாச்சி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அவரது கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, சங்கிலியத் தர எனக்கு ஏலா. இண்டைக்கும் ஏலா, அடுத்த மாசமும் ஏலா. அத நம்பி இருந்துராத” என்றார்.

சாச்சி விடவில்லை. “சீட்ட உங்கட கையிலேயே தாறன் ராத்தா” என்றார். உம்மா சீட்டைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ வாதாடவில்லை. “விளங்குது தங்கச்சி. ஆனா சங்கிலி தர ஏலா” என்று அதையே திரும்பச் சொன்னார். ஏன் காரணம் சொல்லவில்லை என்று இரவு கேட்டேன். “ஒரு காரணம் சொன்னா அதுக்கு அவ ஒரு வழி சொல்லுவா. பத்துக் காரணம் சொன்னா பத்து வழி. கடைசியில நான் ஒண்டில் குடுக்கணும், இல்லாட்டி சண்டை பிடிக்கணும்” என்றார்.

இன்னொன்றையும் கவனித்தேன். “அவர் விடமாட்டார்” என்று வாப்பாவின் தலையில் உம்மா பழியைப் போடவில்லை. நமது பெண்கள் மறுக்கும்போது அதிகம் சொல்லும் காரணம் இதுதான். அதனால் கேட்டவர் மனதில் ஒரு பாவமும் அறியாத மனிதர் கஞ்சனாகிவிடுகிறார். சங்கிலி இல்லை, விற்றுவிட்டோம் என்றும் சொல்லவில்லை. அடுத்த கலியாண வீட்டில் ராத்தா அதைப் போட்டுக்கொண்டு நின்றால் அந்தப் பொய் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போகும்போது உம்மா சாச்சியின் கையில் ஐயாயிரம் ரூபாவை வைத்தார். “இது கடன் இல்ல, திருப்பித் தர வேணாம்” என்றார். காசு கட்டுவதற்கு முன்னர் அந்த ஏஜன்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கும்படியும் சொன்னார். சாச்சி வந்த விஷயத்தை இன்றுவரை உம்மா உம்மம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்குச் சாச்சியிடமே அனுமதி கேட்டேன்; சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மறுக்கப்பட்டதை விட, தான் கேட்டது ஊருக்குத் தெரிவதுதான் ஒருவருக்கு அதிகம் வலிக்கும்.

சாச்சி இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உம்மா பலமுறை போய்ப் பார்த்தார். நோன்பில் ஒரு நாள் கஞ்சிப் பாத்திரத்தோடு சாச்சி வந்தார். முன்பு போல இருக்கக் கொஞ்ச நாள் எடுத்தது. மறுப்பு வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் சாச்சி எங்கள் சங்கிலியை எதிர்பார்த்து ஒரு நாளையும் வீணாக்கவில்லை. தன் தம்பியிடம் பாதியும் ஒரு சீட்டில் மீதியுமாகச் சேர்த்துக்கொண்டார்.

இப்படி எழுதினால் கஞ்சத்தனத்துக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் நினைக்கலாம். அழகிய கடன் கொடுப்பது பெரும் நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையில் மிச்சம் இருந்தால் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும், கஷ்டப்படுபவருக்குத் தவணையும் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் கிடந்தால் சங்கிலியும் கணக்கில் வராது என்று உம்மாவே சொன்னார். ஆனால் ராத்தாவுக்கென்று வைத்தது உம்மாவிடம் இருக்கும் அமானிதம். அமானிதத்தை எடுத்துத் தாராளம் காட்ட முடியாது.

சென்ற தவணையில் என் தோழி ஒருத்தி டியூஷன் கட்டணத்துக்கு மூவாயிரம் ரூபா கேட்டாள். என்னிடம் இருந்தது என் சொந்த வகுப்புக் கட்டணம் மட்டும்தான். என் வாயிலும் “இன்ஷா அல்லாஹ் பார்ப்பம்” என்றுதான் வந்தது. அன்றிரவு சாச்சாவின் முகம் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே அவளைத் தனியாக அழைத்து, “என்னால ஏலா டீ. நேத்து சரியாச் சொல்லாதது என்ட பிழை. என்ட நோட்ஸ் எல்லாம் எடுத்துக்கோ” என்றேன். அவள் முகம் வாடியது. ஆனால் அன்று பின்னேரமே ஆசிரியரிடம் போய், அடுத்த மாதம் சேர்த்துக் கட்ட அனுமதி வாங்கிவிட்டாள்.

நான் ஒரு நாள் பிந்திச் சொன்னேன். அந்த ஒரு நாளும் அவளுடையது.