பாடங்களை எண்ணாதீர்கள், மோதல்களை எண்ணுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கணக்கு என்றதும் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். கூட்டல் தெரிந்தால் போதும்.

தேர்வு அட்டவணை போடும் இடங்களில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "இந்தத் தாளை வைக்க எங்குமே இடமில்லை, மாணவரை வேறு பாடம் எடுக்கச் சொல்லுங்கள்." மற்றொன்று, "இதைவிடக் குறைந்த நாளில் முடிக்கவே முடியாது." கணக்குக் காட்டாமல் இந்த இரண்டையும் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவதை நிரூபிக்கத் தனி வேலை இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. இதன் சுமை பிள்ளைகள் தலையில் விழுகிறது. விரும்பிய பாடம் போகிறது, அல்லது ஒரு நாளில் முடிய வேண்டிய தேர்வுக்கு ஐந்து நாள் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.

சிக்கலைப் படமாக வரைவோம். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு தாள்களையும் எழுத வேண்டிய மாணவர் ஒருவராவது இருந்தால் அந்த இரு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். இதைத்தான் கோட்டுரு, கிராஃப் என்கிறோம். தேர்வு வேளை ஒவ்வொன்றும் ஒரு நிறம். முதல் நாள் காலை சிவப்பு, மாலை பச்சை, இப்படி. கோட்டால் இணைந்த இரு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. அவ்வளவுதான் விதி.

இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. வேளைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். தாள்களை ஏதாவது ஒரு வரிசையில் எடுங்கள். கையில் இருக்கும் தாளோடு மோதும் தாள்கள் ஏற்கெனவே எந்தெந்த வேளையில் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவற்றில் இல்லாத மிகச் சிறிய எண்ணை இதற்குக் கொடுங்கள். கொடுத்ததைத் திரும்ப மாற்ற வேண்டாம். அடுத்த தாளுக்குப் போங்கள். முன்யோசனை இல்லாமல் கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வதால் இதற்குக் கிரீடி முறை, பேராசை முறை என்று பெயர்.

முன்யோசனை இல்லாத இந்த முறைக்கும் ஓர் உறுதி இருக்கிறது. எல்லாத் தாள்களிலும் அதிகமான மோதல் உள்ள தாளை எடுங்கள். அதற்கு எத்தனை மோதல் என்று எண்ணுங்கள். அந்த எண்ணை Δ என்போம். எந்த வரிசையில் எடுத்தாலும் கிரீடி முறைக்கு Δ + 1 வேளைக்கு மேல் தேவைப்படவே படாது.

ஏன் என்று பாருங்கள். ஒரு தாளுக்கு இடம் தேடும் அந்த நொடியில் அதைத் தடுக்கக்கூடியவை அதனோடு மோதும் தாள்கள் மட்டும்தான். அவை அதிகபட்சம் Δ. ஒரு தாள் ஒரே ஒரு வேளையில்தான் உட்கார முடியும், ஆகவே ஒரு வேளையைத்தான் அடைக்க முடியும். Δ தாள்கள் சேர்ந்து அடைத்தாலும் அதிகபட்சம் Δ வேளைகள். நம்மிடம் இருப்பது Δ + 1. ஒன்றாவது மீந்தே தீரும். இன்னும் இடம் பெறாத தாள்களைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அவை தம் முறை வரும்போது இந்தத் தாளைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். முழு நிரூபணமும் இவ்வளவுதான்.

இதில் மொத்தத் தாள்களின் எண்ணிக்கை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நூறு தாள் இருக்கட்டும், ஆயிரம் இருக்கட்டும். எந்தத் தாளும் ஏழுக்கு மேற்பட்ட தாள்களோடு மோதவில்லை என்றால் எட்டு வேளை போதும். அதனால்தான் பாடங்களை எண்ணாதீர்கள், மோதல்களை எண்ணுங்கள் என்கிறேன்.

இதே வாதம் இன்னும் ஓர் அடி தாங்கும். ஆய்வகம், வெளித்தேர்வாளர் போன்ற காரணங்களால் ஒரு தாளைச் சில வேளைகளில் மட்டுமே வைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாளுக்கும் அனுமதிக்கப்பட்ட வேளைகள் அதன் சொந்த மோதல்களைவிட ஒன்று அதிகமாக இருந்தால் போதும், கிரீடி முறை எங்கும் முட்டி நிற்காது. ஆகவே "இந்தத் தாளுக்கு இடமே இல்லை" என்று சொல்பவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். இது எத்தனை தாளோடு மோதுகிறது? இதற்கு எத்தனை வேளை திறந்திருக்கிறது? இரண்டாவது எண் பெரியதாக இருந்தால் இடம் இருக்கிறது. மாணவர் பாடத்தை மாற்ற வேண்டியதில்லை.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். நம் கல்லூரிகளில் நான் மேஜர் எலெக்டிவ் என்று ஒரு தாள் உண்டு, என்.எம்.இ. என்பார்கள். தன் துறை அல்லாத வேறொரு துறை நடத்தும் தாளை மாணவர் எடுக்க வேண்டும். நான்கு துறைகளை எடுத்துக்கொள்வோம்: கணிதம், இயற்பியல், வேதியியல், தமிழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜர் தாள், பிற துறையினருக்காக ஒரு என்.எம்.இ. தாள். மொத்தம் எட்டுத் தாள். ஒவ்வொரு துறையிலும் 60 பேர், மற்ற மூன்று துறைகளின் என்.எம்.இ. தாள்களுக்கு 20 பேர் வீதம் பிரிந்து போகிறார்கள்.

கணித மேஜர் எதனோடு மோதும்? இயற்பியல், வேதியியல், தமிழ் என்.எம்.இ. தாள்களோடு. கணித என்.எம்.இ. தாளோடு மோதாது, ஏனென்றால் கணித மாணவர் யாரும் அதை எழுதுவதில்லை. மற்றவையும் இப்படியே. ஒவ்வொரு தாளுக்கும் மோதல் மூன்று. Δ = 3, நான்கு வேளை நிச்சயம் போதும்.

அலுவலகத்தில் பட்டியல் எப்படி இருக்கும்? துறைவாரியாக இருக்கும். அதே வரிசையில் கிரீடி முறையை ஓட்டுங்கள். கணித மேஜர் 1. கணித என்.எம்.இ. அதோடு மோதாது, அதுவும் 1. இயற்பியல் மேஜர் கணித என்.எம்.இ.யோடு மோதும், எனவே 2. இயற்பியல் என்.எம்.இ. கணித மேஜரோடு மோதும், அதுவும் 2. வேதியியல் தாள்கள் இரண்டுக்கும் 1, 2 அடைபட்டிருக்கும், எனவே 3. தமிழ்த் தாள்களுக்கு 4. நான்கு வேளை, இரண்டு நாள்.

இப்போது வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் நான்கு மேஜர், பிறகு நான்கு என்.எம்.இ. மேஜர் தாள்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை, நான்குக்கும் 1. என்.எம்.இ. நான்குக்கும் 2. முடிந்தது. இரண்டே வேளை. அதே தாள்கள், அதே மாணவர்கள், அதே முறை. பத்துத் துறை இருந்தால் துறைவாரி வரிசை பத்து வேளை கேட்கும், அதாவது ஐந்து நாள். மற்ற வரிசைக்கு அப்போதும் இரண்டே வேளைதான், ஒரே நாள்.

ஆகவே Δ + 1 என்பது "இதற்கு மேல் போகாது" என்ற உத்தரவாதம். "இது கட்டாயம் வேண்டும்" என்பது அல்ல. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் நாள்கள் வீணாகின்றன. கட்டாயம் வேண்டும் என்று காட்டுவதற்கு வேறு சான்று தேவை. உதாரணமாக, ஒன்றோடொன்று எல்லாமே மோதும் ஐந்து தாள்களைக் காட்டினால் ஐந்து வேளைக்குக் குறைய முடியாது என்பதை ஒப்புக்கொள்வேன். ஒரு முறை ஓட்டிப் பார்த்து நான்கு வந்தது என்பது சான்று ஆகாது.

Δ + 1 உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. எல்லாத் தாளும் எல்லாத் தாளோடும் மோதும்போது அது தேவை. ஐந்து தாள்கள் வட்டமாக, ஒவ்வொன்றும் இரு பக்கத்துத் தாள்களோடு மட்டும் மோதினாலும் தேவை: Δ = 2, ஆனால் இரண்டு வேளையை மாறி மாறிக் கொடுத்தால் ஐந்தாவது தாள் முதல் தாளோடு முட்டும், மூன்று வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைந்த எந்த வட்டத்துக்கும் இதே கதி. ஒரே இணைப்பாக உள்ள கோட்டுருக்களில் இந்த இரண்டு வகை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் Δ நிறமே போதும் என்று புரூக்ஸ் 1941-இல் நிரூபித்தார்.

வரிசையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி? வெல்ஷ், பாவெல் என்ற இருவர் 1967-இல் அட்டவணைச் சிக்கலுக்காகவே எழுதிய கட்டுரையில், மோதல் அதிகமுள்ள தாளை முதலில் எடுங்கள் என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் நம் எட்டுத் தாளுக்கும் மோதல் மூன்றே என்பதால் இங்கே அது எதையும் சொல்லாது. பிரெலாஸ் 1979-இல் சொன்ன வழி இங்கே உதவும். ஒவ்வொரு முறையும் எந்தத் தாளுக்கு அதிகமான வெவ்வேறு வேளைகள் அடைபட்டிருக்கின்றனவோ அதை அடுத்து எடுக்க வேண்டும். கணித மேஜருக்கு 1 கொடுத்ததும் மற்ற மூன்று என்.எம்.இ. தாள்களுக்கு ஒரு வேளை அடைபடுகிறது, கணித என்.எம்.இ.க்கு எதுவும் அடைபடவில்லை. எனவே அது காத்திருக்கும். இப்படியே போனால் இரண்டு வேளையில் முடிந்துவிடும். நெருக்கடியில் இருப்பவரை முதலில் கவனி என்ற நம் வீட்டுப் பழக்கம்தான்.

எதிர்வாதம் ஒன்று வரும், அது நியாயமானது. இரண்டே வேளையில் நடத்தினால் 240 பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். மண்டபத்தில் 120 இருக்கைதான் என்றால்? மொத்தம் 480 விடைத்தாள், வேளைக்கு 120, நான்கு வேளைக்குக் குறைய முடியாது. அப்போது அந்தத் துறைவாரி அட்டவணையே கச்சிதமாகப் பொருந்தும், வேளைக்குச் சரியாக 120 பேர். ஆனால் அப்போது காரணம் இருக்கை என்று சொல்ல வேண்டும், மோதல் என்று சொல்லக் கூடாது. இருக்கைக் குறையைப் பக்கத்துக் கட்டிடத்தில் தீர்க்கலாம். காரணத்தை மாற்றிச் சொன்னால் தீர்வும் மாறிப்போகும்.

இன்னொரு எச்சரிக்கை. கோடுகளைப் பாடத்திட்டத்தைப் பார்த்து வரையக் கூடாது, மாணவர் பதிவுப் பட்டியலைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். பழைய அரியரையும் சேர்த்து எழுதும் ஒரே ஒரு மாணவரை விட்டுவிட்டால் ஒரு கோடு குறையும். அட்டவணை காகிதத்தில் சரியாகவே தெரியும், தேர்வு நாளில் அவர் இரண்டு அறைக்கு நடுவே நிற்பார்.

இன்று கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த முறை அட்டவணைக் கூட்டத்தில் "இடமில்லை" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் ஒரு காகிதத்தில் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? ஒரு பொது ஆங்கிலத் தாள் 40 தாள்களோடு மோதுகிறது. அந்த 40-உம் தங்களுக்குள் மோதவில்லை. Δ + 1 எவ்வளவு, உண்மையில் எத்தனை வேளை போதும், கெட்ட வரிசை ஏதாவது உண்டா என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.