முற்றும் எச்சமும்: 'ஐ ஹேவ் வென்ட்' பிழைக்குத் தாய்மொழியா பொறுப்பு?

பெங்களூரின் விவேக் நகரில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கல்லூரியிலும் நேர்காணலிலும் ஆங்கிலம் என வளரும் மாணவர் ஒருவர், வியாழக்கிழமை குழந்தை இயேசு திருத்தலத்துக்குச் சென்றதைப் பற்றி 'ஐ ஹேவ் வென்ட் டு சர்ச்' என்கிறார். தம்பி உண்டுவிட்டானா என்று கேட்டால் 'ஹீ ஹேஸ் ஏட்' என விடை வருகிறது. 'கான்' வரவேண்டிய இடத்தில் 'வென்ட்', 'ஈட்டன்' வரவேண்டிய இடத்தில் 'ஏட்'. பிழை சிறியது. அதற்கு வழங்கப்படும் காரணமோ பெரியது: 'தாய்மொழித் தாக்கம்'. கால் சென்டர் பயிற்சிக்கூடங்களில் இதற்கு 'எம்.டி.ஐ.' என்று சுருக்கப்பெயரே உண்டு. உச்சரிப்பைக் குறிக்கப் பயன்பட்ட இச்சொல், இப்போது எல்லாப் பிழைக்கும் ஒட்டப்படும் முத்திரையாகிவிட்டது. தமிழில் சிந்திப்பதை நிறுத்துங்கள் என்பதே அதன் பின் வரும் அறிவுரை. நோய்க்காரணமும் மருந்தும் இரண்டுமே இங்குத் தவறானவை.

முதலில் தமிழைப் பார்ப்போம். 'நான் போயிருக்கிறேன்' என்னும் தொடரில் காலத்தையும் இடத்தையும் தாங்கி நிற்பது 'இருக்கிறேன்' என்னும் முற்று. அதற்கு முன் நிற்கும் 'போய்' வினையெச்சம். அதில் நான், நீ, அவன் என்னும் வேறுபாடு இல்லை. 'போனேன்' என்பதோ தானே முற்று. ஆங்கிலத்திலும் அமைப்பு இதுவேதான். 'ஹேவ்', 'ஹேஸ்' என மாறி, முற்றின் சுமையைத் தாங்குவது துணைவினை. 'கான்' எந்த எழுவாய்க்கும் மாறாமல் நிற்கும் எச்சம். அவ்வாறாயின், 'ஐ ஹேவ் வென்ட்' என்பதன் நேரான தமிழ் வடிவம் 'நான் போனேன் இருக்கிறேன்' என்பதாகும். ஒரு தொடருக்குள் இரண்டு முற்றுகள் மோதுகின்றன. விவேக் நகரில் தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தைகூட அப்படிப் பேசுவதில்லை. 'வாங்கியிருக்கிறேன்' என்னுமே தவிர 'வாங்கினேன் இருக்கிறேன்' என்னாது. கன்னடமும் அப்படித்தான்: 'ஹோதெ' என்பது முற்று, 'ஹோகி' எச்சம், 'ஹோகித்தேனெ' கூட்டுவினை. முற்றையும் எச்சத்தையும் இவ்வளவு கண்டிப்பாகப் பிரிக்கும் இரு மொழிகளைப் பேசும் ஒருவரிடம், அந்த மொழிகளே இப்பிழையைத் தந்தன என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

ஒரு மறுப்பு எழக்கூடும். 'போனேன்', 'போய்' என்பவை வடிவில் வேறுபட்டாலும், 'சாப்பிட்டான்', 'சாப்பிட்டு' ஆகியவை ஒரே இறந்தகால அடியிலிருந்து பிறக்கின்றன. 'வந்தேன்', 'வந்து' என்பனவும் அவ்வாறே. ஆகவே இறந்தகால வடிவமே எச்சத்துக்கும் போதும் என்ற பழக்கம் தமிழிலிருந்து வரலாம் அல்லவா என்பது அம்மறுப்பு. இது நியாயமான கேள்வி. சோதித்துப் பார்க்கவும் இயலும். தாய்மொழியே காரணமானால், தமிழில் அடி ஒன்றாக இருக்கும் வினைகளில் (சாப்பிடு, வா, எடு) பிழை மிகுதியாகவும், வடிவம் விலகி நிற்கும் வினைகளில் (போ, சொல், எழுது) குறைவாகவும் இருக்கவேண்டும். பிழையின் பரவல் தமிழ் வினையின் வகையைப் பொருட்படுத்தாமல் ஆங்கில வினையின் வகையை மட்டுமே பின்பற்றுமானால், காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 'மதர் டங்' என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதும் முன் இந்த ஒப்பீட்டைச் செய்தவர் எத்தனை பேர்?

ஆங்கிலத்துக்குள் காரணம் தேடுவதற்கு வலுவான அடிப்படை உண்டு. ஆங்கில வினைகளில் மிகப்பெரும்பாலானவற்றில் இறந்தகால வடிவமும் எச்ச வடிவமும் ஒன்றே: வாக்ட், வாக்ட், பாட், பாட், மேட், மேட். பிரிந்து நிற்பவை ஒரு சிறு கூட்டம்: வென்ட், கான், ஏட், ஈட்டன், சா, ஸீன், டுக், டேக்கன். பெரும்பான்மையின் ஒழுங்கைச் சிறுபான்மைக்கும் நீட்டுவது எந்த மொழி கற்பவரும் செய்வதே. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பலரின் வட்டார வழக்கில் 'ஹேவ் வென்ட்' கேட்கிறது. அவர்களிடம் தமிழ்த் தாக்கம் இல்லை. 1762இல் ராபர்ட் லௌத் தம் ஆங்கில இலக்கண நூலில், இறந்தகால வடிவத்தை எச்சத்தின் இடத்தில் வைத்ததற்காக மில்டனையே குறைகூறினார். இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான எல்லை ஆங்கில எழுத்திலேயே நெடுங்காலம் நெகிழ்ந்து கிடந்தது என்பதற்கு அதுவே சான்று. 'வென்ட்' என்பதோ 'கோ'வின் பிள்ளையே அன்று. வேறொரு பழைய வினையின் இறந்தகாலம் அது. 'கோ' தன் சொந்த இறந்தகால வடிவத்தை இழந்தபோது இரவல் வாங்கப்பட்டது.

இதனால் ஆசிரியர் கவனிக்கவேண்டிய ஓர் உண்மை வெளிப்படுகிறது. 'ஐ ஹேவ் பாட்', 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என ஐம்பது வாக்கியங்களைச் சரியாக எழுதிய மாணவர், எச்சம் என்ற ஒன்று இருப்பதையே அறியாதவராக இருக்கலாம். வடிவங்கள் ஒன்றாக இருப்பதால் அறியாமை மறைந்துகொள்கிறது. 'கோ', 'ஈட்', 'ஸீ', 'டேக்' போன்ற வினைகளில்தான் அது வெளியே தெரியும். அடுத்து, செயப்பாட்டு வினையிலும் பார்க்கவேண்டும். 'தி கேக் வாஸ் ஏட்' என்றும் அவர் எழுதினால், எச்சம் என்னும் இலக்கண வகையே மனத்தில் உருவாகவில்லை. 'வாஸ் ஈட்டன்' எனச் சரியாக எழுதி, 'ஹேஸ் ஏட்' என்பதில் மட்டும் தவறினால், சிக்கல் 'ஹேஸ்' தொடரின் பொருளில் இருக்கிறது: நடந்து முடிந்த செயல் என்றவுடன் இறந்தகால முற்று கைக்கு வருகிறது. இரண்டும் ஒரே பிழைபோலத் தோன்றினாலும், கற்பிக்கவேண்டியவை வேறு வேறு.

தமிழ் மருந்தாவது இங்கேதான். வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லச் செய்யலாம்: 'தம்பி சாப்பிட்டிருக்கிறான்.' எந்தச் சொல் 'அவன்' என்பதைக் காட்டுகிறது என்று கேட்டால், 'இருக்கிறான்' என விடை வரும். அதன் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹேஸ்' நிற்கிறது. 'சாப்பிட்டு' என்னும் எச்சத்தின் இடத்தில் இன்னொரு முற்றை வைக்கலாமா? கூடாது என்பதை மாணவரே சொல்வார். வந்து, ஓடி, போய் ஆகிய மூன்றும் உருவில் வேறுபட்டாலும் 'செய்து' என்னும் ஒரே வாய்பாட்டில் அடங்குவதை நன்னூல் படித்தவர் அறிவர். பாட், கான், ஈட்டன் ஆகியவையும் அவ்வாறே ஓர் இடத்தின் பல உருவங்கள். இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. எச்சம் வரவேண்டிய இடத்தைத் தமிழ் காட்டும். அதன் வடிவம் 'ஈட்டன்' என்பதைக் காட்டாது. அதை மனப்பாடமாகத்தான் கற்கவேண்டும். ஆனால் எதற்காக மனப்பாடம் செய்கிறோம் என்பது தெரிந்து கற்பது வேறு, தெரியாமல் உருப்போடுவது வேறு.

பிழையைத் திருத்தவேண்டாம் என்பதன்று இங்கு வாதம். நேர்காணலிலும் ஆய்வேட்டிலும் 'ஹேஸ் ஏட்' என்பதற்கு மாணவர் விலை கொடுக்கிறார். ஆகவே திருத்தியே ஆகவேண்டும். ஆனால் 'தாய்மொழித் தாக்கம்' என்று சொல்லித் திருத்தும்போது, எச்சத்தையும் முற்றையும் பிறழாமல் ஆளும் அறிவு தம்மிடம் ஏற்கனவே இருப்பதை மாணவர் அறியாமலே போகிறார். தம் மொழியே தமக்குத் தடை என்று நம்பத் தொடங்குகிறார். மொழியியல் துறைகள் இந்த முத்திரையைச் சோதிக்காமல் கடனாக வாங்கி வழங்குவதை இனியேனும் நிறுத்தவேண்டும்.