தொலைபேசியில் பிரெஞ்சு: சொற்றொடர் அல்ல, வரிசை

இந்தியக் கல்லூரிகளில் பிரெஞ்சு கற்பிக்கும் பாடநூல்களில் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் ஒரு சொற்றொடர்ப் பட்டியலாகவே இடம்பெறுகிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். தேர்வில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறார். ஆயினும் பிரான்சிலுள்ள ஓர் அலுவலகத்தை அழைக்கும்போது அவர் இடறுவது சொல் தெரியாமையால் மட்டுமன்று. எந்தச் சொல்லுக்குப் பின் எது வரவேண்டும் என்பது கற்பிக்கப்படாமையால்தான்.

இவ்வரிசை வெறும் அலங்காரமன்று. 1977இல் மொழியியலாளர் தனியேல் கொதார், பிரான்சிலும் அமெரிக்காவிலும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும் முறையை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரெஞ்சு வழக்கில் அழைப்பு என்பது பிறர் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. ஆகவே அழைப்பவர் எண்ணைச் சரிபார்த்து, தம் பெயரைச் சொல்லி, தொந்தரவுக்கு வருத்தம் தெரிவித்த பின்னரே வேண்டியவரைக் கேட்பார் என்பது அவர் காட்டிய வேறுபாடு. அழைப்பவரின் பெயரைத் திரையிலேயே காட்டும் கைப்பேசி, நண்பர்களுக்கிடையே இவ்வழக்கைப் பெரிதும் தளர்த்திவிட்டது. முன்பின் அறியாத அலுவலகத்தை அழைப்பவருக்கோ அது இன்றும் பொருந்தும்.

ஒரு சூழலைக் கொள்ளலாம். தமிழ் மாணவர் ஒருவர் பிரான்சிலுள்ள ஆய்வகத்தின் செயலகத்தை அழைத்து, மார்த்தேன் என்னும் பேராசிரியரைக் கேட்க விரும்புகிறார். மறுமுனையில் 'அலோ' அல்லது ஆய்வகத்தின் பெயரோடு 'போன்ஜூர்' என்ற குரல் எழும். மாணவர் முதலில் சொல்லவேண்டியது 'போன்ஜூர் மதாம்'. அடுத்தது தம் பெயரும் ஊரும். அதன் பின்னரே கோரிக்கை: 'ஜ வூத்ரே பார்லே அ மெஸ்யே மார்த்தேன், ஸில் வூ ப்ளே.' தமிழில் 'பேச வேண்டும்' என்பது பணிவுக் குறைவாக ஒலிப்பதில்லை. அதை அப்படியே 'ஜ வே' என்று பெயர்த்தால் பிரெஞ்சுக் காதில் அது அதட்டலாக விழும். 'வூத்ரே' என்னும் நிபந்தனை வடிவமே அதைக் கோரிக்கையாக மாற்றுகிறது.

பெயர் சொல்லாமல் கோரிக்கையை மட்டும் வைத்தவருக்கு உடனே வரும் கேள்வி: 'ஸே த லா பார் த கி?' இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். 'கி' என்றால் 'யார்' என்பது மட்டும் காதில் விழ, யாரோடு பேசவேண்டும் எனக் கேட்பதாக எண்ணிப் பேராசிரியரின் பெயரையே திரும்பச் சொல்கின்றனர். கேள்வியின் கருத்தோ 'யார் பேசுகிறீர்கள் என்று சொல்லட்டும்?' என்பது. அதே கேள்வி இரண்டாம் முறை வந்தால், முதல் விடை பொருந்தவில்லை என்று மாணவர் உணரவேண்டும். தொடக்கத்திலேயே பெயர் சொன்னவருக்கு இக்குழப்பம் பெரும்பாலும் நேராது.

இதன்பின் 'ந கித்தே பா' என்று கேட்டால் இணைப்பிலேயே இருக்கவேண்டும். சொல்லுக்குச் சொல் அது 'விலகாதீர்கள்' என்பதே. 'இல் நே பா லா' என்றால் அவர் அங்கில்லை. அப்போது 'ஜ ரப்பெல்ரே' (மீண்டும் அழைக்கிறேன்) என்று சொல்லலாம், செய்தியும் விடலாம். பேராசிரியரே எடுத்திருந்தால் 'லுயி-மெம்' என்பார். 'அவரேதான்' என்று தம்மையே படர்க்கையில் சுட்டும் அவ்விடையைக் கேட்டு, வேறொருவர் வருவார் எனக் காத்திருக்கலாகாது.

விடைபெறுதலுக்கும் படிகள் உண்டு. 'ஓ ரவுவார்' என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டிப்பது கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். முதலில் 'ஜ வூ ரமெர்ஸி' என்ற நன்றி. மறுமுனை 'ஜ வூஸான் ப்ரீ' என ஏற்கும். பின் 'பொன் ஜூர்னே' என்ற வாழ்த்து. இருவரும் 'ஓ ரவுவார்' சொன்ன பிறகே முடிவு. வாழ்த்து கேட்பவரின் பொழுதுக்கு உரியது. கோடையில் இந்தியாவில் மாலை 6.30 என்றால் பிரான்சில் பிற்பகல் 3 மணி; அங்கே 'பொன் ஸுவாரே' என மாலை வாழ்த்துச் சொல்வது பொருந்தாது. 'பொன் நுய்' உறங்கச் செல்பவருக்கான வாழ்த்து. எந்த அலுவலகத்துக்கும் அது உரியதன்று.

ஆகவே இப்பாடத்தை எழுத்துத் தேர்வில் வைத்து அளப்பது பயனற்றது. முகமும் கையசைவும் உதவாத நிலையே தொலைபேசியின் உண்மையான கடினம். இரு மாணவரை முதுகோடு முதுகு அமரவைத்து, ஒருவரைச் செயலராக்கி, அவருடைய விடை ஒவ்வொரு முறையும் மாறுமாறு செய்தால் போதும். 'த லா பார் த கி' என்றதும் தம் பெயரைச் சொல்பவர் தேறியவர். பேராசிரியரின் பெயரைச் சொல்பவர், எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றிருந்தாலும், இன்னும் தேறாதவர்.