உடுக்கும் வர்ணமும் உடலின் நிறமும்

ஜவுளிக் கடைக்காரர் ஒரு புடவையை விரித்துத் தோளின்மீது சாத்திவிட்டு, "இந்த வர்ணம் உங்களுக்கு வெகு எடுப்பாயிருக்கிறது, அம்மா!" என்று சொல்வதை நேயர்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள். இந்த வாக்கை ஒரு முறையாகவே வகுத்து, மனிதர்களைப் பருவங்களாகப் பிரித்து, இன்னாருக்கு இன்ன வர்ணம் என்று விதித்தவர்கள் அமெரிக்கர்கள். 1980-ஆம் ஆண்டில் கரோல் ஜாக்ஸன் என்ற அம்மாள் எழுதிய 'கலர் மீ பியூட்டிபுல்' என்னும் புத்தகம் இந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. இப்பொழுது நம் ஊர்ப் பெண்களும் தாங்கள் வசந்தமா, கோடையா, இலையுதிர்காலமா, குளிர்காலமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இதில் எவ்வளவு உண்மை உண்டு, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

முறையின் அடிப்படை சுலபமானது. தோலின் மேல்நிறம் வெளுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தாலும், அதன் அடியில் ஒரு சாயல் இருக்கிறது என்கிறார்கள். மஞ்சள் கலந்த சாயல் உஷ்ணமானது. ரோஜா அல்லது நீலம் கலந்த சாயல் குளிர்ச்சியானது. வசந்தமும் இலையுதிர்காலமும் உஷ்ண வகை. கோடையும் குளிர்காலமும் குளிர்ச்சி வகை. ஒவ்வொரு ஜோடியிலும் முன்னது வெளிர்ந்தது, பின்னது ஆழ்ந்தது. துணியின் சாயல் தோலின் சாயலோடு இசைந்தால் முகம் தெளிவாகும். இசையாவிட்டால் கண்ணுக்கடியில் கருமையும் முகத்தில் களைப்பும் தெரியும் என்பது சித்தாந்தம்.

சோதனை செய்யும் விதம் இது. முகப்பூச்சை அறவே அகற்றிவிட வேண்டும். மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர்கள் அதன் கறை நீங்கும்வரை இரண்டொரு நாள் பொறுக்க வேண்டும். தலைமயிரையும் உடுத்த சேலையையும் வெள்ளை அல்லது சாம்பல் நிறத் துணியால் மறைக்க வேண்டும். பிறகு நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மோவாய்க்குக் கீழே துணிகளை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிச் சாத்திப் பார்க்க வேண்டும். பார்க்கவேண்டியது துணியையல்ல, முகத்தையே.

இப்படிச் சாத்தும்போது முகம் மாறுவதாகத் தோன்றுவது வெறும் பிரமையல்ல. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, துணியில் பட்ட வெளிச்சம் தெறித்து மோவாயின் அடியிலும் கன்னத்திலும் விழுகிறது. மஞ்சள் துணி உண்மையாகவே சிறிது மஞ்சள் ஒளியை முகத்தில் பூசிவிடுகிறது. இரண்டாவது, அருகருகே உள்ள வர்ணங்கள் ஒன்றையொன்று கண்ணில் மாற்றிக் காட்டுகின்றன. பாரிஸ் நகரத்து கோபெலின் நெசவாலையில் சாயப் பகுதியின் தலைவராக இருந்த ஷெவ்ரூல் என்ற ரசாயன சாஸ்திரி, கறுப்புச் சாயம் மங்குகிறது என்ற புகாரை விசாரித்தபோது, குற்றம் சாயத்தினுடையதல்ல, பக்கத்திலிருந்த வர்ணங்களினுடையது என்று கண்டார். 1839-இல் அதை விரிவான நூலாக வெளியிட்டார். பச்சைக்கு அருகில் தோல் சற்றுச் சிவந்து தோன்றும். மஞ்சளுக்கு அருகில் அதன் மஞ்சள் குறைந்து தோன்றும்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அதே மஞ்சள் துணி, தெறித்த ஒளியால் முகத்தை மஞ்சளாக்குகிறது. பக்கத்து வர்ணம் என்ற முறையில் மஞ்சளைக் குறைத்துக் காட்டுகிறது. எது மிஞ்சும் என்பது வெளிச்சம், துணியின் பளபளப்பு, மோவாய்க்கும் துணிக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகையால், 'உஷ்ணத் தோலுக்கு உஷ்ண வர்ணம்' என்ற விதி ஒளியின் இயல்பிலிருந்து தானே பிறந்ததல்ல. கண்ணால் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம் அது.

இனி, தவறு எங்கே நுழைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். மாநிறமும் கருங்கூந்தலும் உடைய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று கொள்ளுங்கள். முதலில் வெளிர் ரோஜா நிறத் துணியையும், அடுத்துச் செங்கல் நிறத் துணியையும் சாத்துகிறார்கள். செங்கல் நிறத்தில் முகம் ஒளிர்கிறது. ரோஜாவில் சோர்ந்து காண்கிறது. "இவள் உஷ்ணச் சாயல், இலையுதிர்காலம்!" என்று தீர்ப்பாகிறது. ஆனால் அந்த இரண்டு துணிகளுக்கும் இடையே உஷ்ணமும் குளிர்ச்சியும் மட்டுமா வித்தியாசம்? ஒன்று வெளிர்ந்தது, மற்றொன்று ஆழ்ந்தது. ஆகவே மூன்றாவதாக, செங்கல் நிறத்தைப் போலவே ஆழமும் அழுத்தமும் உள்ள, ஆனால் நீலம் ஓடிய ஒரு சிவப்பைச் சாத்திப் பார்க்க வேண்டும். அதிலும் முகம் அவ்வளவே ஒளிர்ந்தால், முதலில் வென்றது உஷ்ணமல்ல, ஆழம். தீர்ப்பு அடியோடு விழுந்துவிடுகிறது. ஜோடித் துணிகள் சாயலில் மட்டும் வேறுபட்டு, ஆழத்திலும் அழுத்தத்திலும் ஒத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிச் சேர்க்காத துணிக்கட்டினால் செய்யும் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை.

மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் இம்முறை தள்ளாடுவதற்கு வேறு காரணமும் உண்டு. தோலின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மெலனின் என்ற கருநிறப் பொருளும், அடியில் ஓடும் இரத்தத்தின் சிவப்பும். மெலனின் மிகுந்த தோலில் வெளிச்சம் பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடுவதால், இரத்தச் சிவப்பின் சிறு வித்தியாசங்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. பொன்னிறக் கூந்தல், செம்பட்டை, நீலக் கண், பழுப்புக் கண் என்று மேனாட்டார் பருவம் பிரிக்கத் துணைகொண்ட அடையாளங்களும் இங்கே உதவா; ஏறக்குறைய எல்லோருக்கும் கூந்தல் கருமை, கண் கருமை. ஜாக்ஸன் அம்மாளின் பகுப்பில் ஆசியரும் ஆப்பிரிக்கரும் பெரும்பாலும் குளிர்காலம் என்ற ஒரே அறைக்குள் அடைக்கப்பட்டார்கள். பின்னால் வந்தவர்கள் நான்கைப் பன்னிரண்டாக்கினார்கள். ஆனால் தோலின் நிறத்தைக் கருவிகொண்டு அளந்தால் அது இடைவெளியின்றிச் சரிந்து செல்லும் ஒரே தொடராகவே தெரிகிறது. எல்லைக்கோடு இட்டவர்கள் மனிதர்கள். கோட்டின்மீது நிற்பவர்களை ஒருவர் இந்தப் பக்கமும் மற்றொருவர் அந்தப் பக்கமும் தள்ளுவார்கள்.

மணிக்கட்டின் நரம்பு நீலமானால் குளிர்ச்சி, பச்சையானால் உஷ்ணம் என்ற குறுக்குவழியை நம்ப வேண்டாம். குழாய் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பருமனாக ஓடுகிறது, சுற்றியுள்ள தோல் எப்படி இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அந்த நிறம் தோன்றுகிறது. மின்விளக்கின்கீழ் எடுத்த கைப்பேசிப் படமும் அப்படியே. கருவி தானாகவே வெண்மையைத் திருத்திவிடுவதால், படத்தில் காணும் சாயல் முகத்தினுடையதா கருவியினுடையதா என்று சொல்ல முடியாது. பச்சை அடித்த சுவரும், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரமும்கூடத் தீர்ப்பில் தலையிடும்.

வீட்டில் உண்மை அறிய விரும்புவோர் ஒரு வழி செய்யலாம். ஆழத்தில் ஒத்த ஐந்து ஜோடித் துணிகளை எடுத்துக்கொண்டு, மூன்று பேரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேளாமல், தனித்தனியே சீட்டில் எழுதட்டும். மற்றொரு நாள் வரிசையை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். இரண்டு நாளும் மூன்று சீட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தச் சாயல் உங்களுக்கு உண்மையிலேயே பொருந்துகிறது. ரவிக்கையிலும் மேலாக்கிலும், அதாவது முகத்துக்கு அருகில், அதைக் கொள்ளுங்கள். கொசுவத்தில் எந்த வர்ணம் இருந்தாலும் முகத்துக்கு நஷ்டமில்லை. சீட்டுகள் முரண்பட்டால், அதுவும் ஒரு விடைதான்: வித்தியாசம் பிறர் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. அத்தகையவர்கள் பருவத்தை மறந்து, ஆழமும் அழுத்தமும் பார்த்து, மனத்துக்குப் பிடித்த புடவையை வாங்கிக்கொள்ளலாம்.