தோட்டம் விற்றாச்சு, வீடு யாருக்கு? உரிமைக்கும் நெறிக்கும் உள்ள தூரம்

ஈப்போவைச் சுற்றிய பழைய ரப்பர் தோட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: “தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் இருக்கோம். தோட்டத்தை விற்றால் வீடு கேட்டு நீதிமன்றம் போக முடியாதா?” போகலாம். ஆனால் நீதிபதி முதலில் கேட்பது, அந்த வீட்டில் உங்களுக்கு என்ன சட்ட உரிமை என்பதைத்தான்.

வழிகாட்டு நெறி என்றால் என்ன?

இந்திய அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் ஒரு பகுதி. அரசுக்கான வழிகாட்டு நெறிகள் இன்னொரு பகுதி. வேலை, பிழைப்பு, கல்வி போன்ற இலக்குகள் நெறிகளில் உள்ளன. ஆட்சிக்கு இவை அடிப்படை, ஆனால் நீதிமன்றம் வழி நிறைவேற்றக் கூடியவை அல்ல என 37ஆவது பிரிவே சொல்கிறது.

காரணம் எளிது. ‘விசாரிக்காமல் பிடித்து வைக்காதே’ என்று நீதிமன்றம் அரசைத் தடுக்கலாம். ‘இருநூறு வீடு கட்டிக் கொடு’ என்றால் நிலம் எங்கே, பணம் எங்கே, யாருக்கு முதலில் என்று முடிவு செய்ய வேண்டும். அது சட்டமன்றத்தின் வேலை.

மலேசியாவில்?

நம் கூட்டரசு அரசியலமைப்பில் 5 முதல் 13 வரையிலான பிரிவுகள் அடிப்படைச் சுதந்திரங்கள். வழிகாட்டு நெறிகளுக்கெனத் தனிப் பகுதியே இல்லை. 13ஆவது பிரிவு சொத்தைக் காக்கிறது. தோட்டத்தில் சொத்து நிறுவனத்தின் பெயரில். தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவுப்படி, எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதைக் காட்டி உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்பதைத் தடுக்க முடியாது.

பேராக்கிலேயே முன்னுதாரணம் உண்டு. சிடேக் எதிர் பேராக் மாநில அரசு வழக்கில், அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்குச் சட்டத்திலும் சமநீதியிலும் உரிமை இல்லை என 1982இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோட்டத் தொழிலாளி அனுமதியோடு வந்தவர். ஆனால் அந்த அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போகும்.

நெறிக்கு எந்தப் பலனும் இல்லையா?

உண்டு. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் நெறிகளின் துணையோடு ‘உயிர்’ என்ற உரிமைக்குள் பிழைப்பையும் சேர்த்தது. ஆனாலும் மாற்று வீடு கொடுத்தால்தான் அகற்றலாம் என்று நிபந்தனை போடவில்லை. மழைக்காலம் முடியும் வரை பொறுக்கவே சொன்னது.

1996இல் தான் டெக் செங் வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ‘உயிர்’ என்பதை அப்படி விரித்துப் படித்தது. அது வேலை நீக்கம் பற்றிய வழக்கு, வீடு பற்றியதல்ல.

அப்படியானால் எதைக் கேட்கலாம்?

சட்டமாக எழுதப்பட்டதைக் கேட்கலாம். 1980ஆம் ஆண்டு பணிநீக்கச் சலுகை விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 22 ஆண்டு பால் மரம் வெட்டியவருக்கு 440 நாள் சம்பளம் சேரும். வீட்டைப் பற்றி அந்த விதிகளில் ஒரு வரி கிடையாது. வேலையில் இருக்கும்வரை முதலாளி தரும் குடியிருப்பின் தரத்துக்கு சட்டம் 446 உண்டு.

தோட்டம் மூடிய பிறகும் வீடு வேண்டுமென்றால், அதை யாராவது சட்டமாக்க வேண்டும், அல்லது முதலாளி கையெழுத்திட்டு ஒப்பந்தமாக்க வேண்டும். நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால், மனு போக வேண்டிய இடங்களில் ஈப்போவிலுள்ள மாநில அரசும் ஒன்று. ‘வீடு தர்றோம்’ என்று வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குவதற்கு ஏற்ற நேரம், விற்பனைக்கு முன்புதான்.